ஏவலை எடுத்துரைத்தல்

தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபம் 4:13இல், துரோவாவில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும் கொண்டுவருமாறு ஒரு வேண்டுகோள் உள்ளது. வினை ஏவல் வடிவில் நிற்பினும், அதை வாசிக்கும் நாம் துரோவாவுக்குப் புறப்படுவதில்லை. "மேலங்கியைக் கொண்டுவரும்படி நிருபம் தீமோத்தேயுவிடம் கேட்கிறது" என்றே சுருக்கி உரைக்கிறோம். ஏவல் அங்கே செய்தியாகிவிடுகிறது. ஏவியவரும் ஏவப்பட்டவரும் தெளிவாகின்றனர்.

பிரசங்க மேடையில் நாம் இயல்பாகக் கைக்கொள்ளும் இம்முறை, மேடைக்கு வெளியே எளிதில் தவறிவிடுகிறது. பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் எழுத்தறியாத ஒருவர், தமக்கு வந்த கடிதத்தை ஆயரிடம் கொடுத்து, "ஐயா, இதுல என்ன சொல்லியிருக்காங்க?" என்று கேட்பதாகக் கொள்வோம். அது ஒரு சங்கிலிக் கடிதம். வாசிப்பவர் இருபது பிரதிகள் எழுதி அனுப்பவேண்டும், தவறினால் வீட்டில் தீங்கு நேரும், இதைப் பிறரிடம் சொல்லலாகாது என்பனவே அதிலுள்ளவை.

இங்கே ஆயர் மூன்று வகையில் பிழைபடக்கூடும். அச்சத்தால் பிரதி எடுக்கத் தொடங்கலாம், சினந்து கிழித்தெறியலாம், மிரட்டலை மறைத்து, "ஒன்றுமில்லை, ஏதோ ஜெபக் கடிதம்" என்று கூறிவிடலாம். மூன்றிலும் கேட்டவருக்கு விடை கிடைப்பதில்லை. ஆயருக்கு வேலை தந்தவர் மீனவரேயன்றிக் கடிதம் எழுதியவர் அல்லர்; ஆகவே பிறரிடம் சொல்லாதே என்னும் ஏவல் ஆயரைக் கட்டாது. "இருபது பிரதி எழுதி அனுப்பும்படி இக்கடிதம் கேட்கிறது, தவறினால் தீங்கு வருமென மிரட்டுகிறது, பிறரிடம் சொல்லவும் தடுக்கிறது, எழுதியவர் பெயர் இல்லை" என்பதே நேர்மையான விடை. மிரட்டலும் மறைக்குமாறு கூறுவதும் கடிதத்தின் இயல்பைக் காட்டும் சான்றுகளாதலால், அவற்றை விடலாகாது. ஆயர் தம் கருத்தைக் கூற விரும்பினால், தம் கருத்தென்று பிரித்து அதன்பின் கூறட்டும்.

எல்லா ஏவலும் இத்தகையதன்று. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அவ்வறிவிப்பை வாசித்த ஆயர், "கடலுக்குப் போகாதீர்கள்" என்று மட்டும் சொன்னால், ஏரியில் சிறு படகு செலுத்துபவர் தமக்கும் தடையென்று வலையைச் சுருட்டி வைக்கக்கூடும். "விசைப்படகுகள் இந்நாட்களில் மீன்பிடிக்கலாகாது என்று அரசு ஆணையிட்டுள்ளது" என்றால், யார் கீழ்ப்படிய வேண்டுமென்பது தெளிவாகும்.

நம் சுருக்கத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. ஒவ்வோர் ஏவலின்பின்னும் "என்று" அல்லது அதற்கு நிகரான சொல் நிற்கிறதா, சொன்னவர் யார், யாருக்குச் சொன்னார் என்பன விளங்குகின்றனவா எனப் பார்க்கவேண்டும். இவை இல்லையேல், ஏட்டின் ஏவல் நம் வாயில் நம் கட்டளையாக மாறிவிட்டது என்று அறியலாம்.