தாய்ப் பக்கமும் கிளைப் பதிவுகளும்

மாடித்தோட்டம் பற்றிய இணையதளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மண் கலவை, மாவுப்பூச்சி, தக்காளி நாற்று எனப் பதிவுகள் தனித்தனியே கிடக்கின்றன. 'மாடித்தோட்டம்: முழு வழிகாட்டி' என்ற தாய்ப் பக்கம் எல்லாவற்றுக்கும் இணைப்புத் தர வேண்டும், ஒவ்வொரு பதிவும் திரும்ப அதற்கு இணைப்புத் தர வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இந்த இரண்டாவதில்தான்.

இணைப்பு எந்தச் சொற்களில் இருக்கிறது என்பதையும் கூகுள் பார்க்கிறது. 'இங்கே சொடுக்கவும்' என்றால் போகுமிடம் எதைப் பற்றியதென்று தெரியாது. 'மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல்' என்றால் தெரியும். தக்காளிப் பதிவில், பூச்சி பற்றிப் பேசும் வரியிலேயே அந்த இணைப்பை வையுங்கள். கடைசியில் இருபது இணைப்புகளைக் குவிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சிறிய தளமென்றால், சர்ச் கன்சோலின் உள் இணைப்புப் பட்டியலை உங்கள் பதிவுகளோடு ஒப்பிடுங்கள். அதில் காணாத பதிவுக்கு வேறெந்தப் பக்கமும் வழிகாட்டவில்லை என்றே சந்தேகிக்கலாம்.