போல்ட் எந்தக் கணத்தில் எவ்வளவு வேகம்?

2009 ஆகஸ்ட் 16, பெர்லின் ஒலிம்பிக் அரங்கம். உசேன் போல்ட் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடி முடித்தார். நூறை 9.58-ஆல் வகுத்தால் விநாடிக்கு 10.44 மீட்டர். இது அவருடைய சராசரித் திசைவேகம். ஆனால் துப்பாக்கி வெடித்தபோது அவர் அசையாமல் இருந்தார். பாதி தூரம் தாண்டியபின் 10.44 அவருக்குச் சாதாரணம். நடுவில் என்ன நடந்தது என்பதை அந்த ஒற்றை எண் சொல்வதில்லை.

அன்று 20 மீட்டருக்கு ஒரு முறை குறிக்கப்பட்ட நேரங்கள் இவை: 2.89, 4.64, 6.31, 7.92, 9.58. கட்டக்காகிதத்தில் கிடைமட்டமாக நேரத்தையும் செங்குத்தாகத் தூரத்தையும் வைத்து இவற்றைப் புள்ளியிட்டு இணைத்தால், தொடக்கத்தில் படுத்துக் கிடந்து பிறகு நிமிரும் ஒரு வளைகோடு கிடைக்கும். தொடக்கப் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் நேர்கோட்டால் சேர்த்தால் அதன் சாய்வுதான் 10.44.

இப்போது 60, 80 மீட்டர் புள்ளிகளை மட்டும் சேர்ப்போம். 20 மீட்டருக்கு 1.61 விநாடி, சாய்வு 12.42, அதாவது மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர். இதுவும் சராசரியே, இடைவெளிதான் சிறியது. இரு புள்ளிகளையும் இன்னும் நெருக்கிக்கொண்டே போனால், வளைகோட்டை வெட்டிய அந்த நேர்கோடு கடைசியில் ஒரே புள்ளியின் போக்கோடு படிந்து நிற்கும். அதுதான் தொடுகோடு. அதன் சாய்வே அந்தக் கணத்தின் திசைவேகம்.

அப்படியானால் ஒவ்வொரு மீட்டருக்கும் நேரம் குறித்தால் போதாதா? போதாது. அந்த வேகத்தில் ஒரு மீட்டருக்கு 0.08 விநாடிதான் ஆகிறது. கடிகாரம் 0.01 விநாடி கூடவோ குறையவோ காட்டினால் விடை 11.1-க்கும் 14.3-க்கும் இடையே ஊசலாடும். அதே பிழை 20 மீட்டரில் நேர்ந்தால் விடை 0.1-க்கும் குறைவாகவே நகரும். கணிதம் இடைவெளியைச் சுருக்கச் சொல்கிறது. கடிகாரமோ சுருக்காதே என்கிறது. அதனால்தான் புள்ளிகளின் வழியே சீரான வளைகோடு வரைந்துகொண்டு, அதன்மேல் தொடுகோடு போடுகிறார்கள்.

ஏழாவது விநாடியில் போட்டுப் பார்ப்போம். அப்போது போல்ட் ஏறக்குறைய 68.5 மீட்டரில் இருக்கிறார். அளவுகோலை அங்கே பொருத்தி நீளமாகக் கோடிழுத்தால், 5-ஆம் விநாடிக்கு நேரே சுமார் 43.7 மீட்டரிலும் 9-ஆம் விநாடிக்கு நேரே சுமார் 93.3 மீட்டரிலும் அது செல்லும். 49.6 மீட்டரை 4 விநாடியால் வகுத்தால் 12.4. இந்த இரு அளவுகளையும் கோட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும், வளைகோட்டிலிருந்து அல்ல. கோடு குட்டையாக இருந்தால் கட்டத்தை எண்ணும்போது வரும் சிறு பிசகுகூட விடையைக் கெடுத்துவிடும்.

மாணவர்கள் அடிக்கடி சறுக்குவது வேறொரு இடத்தில். 68.5-ஐ 7-ஆல் வகுத்து 9.8 என்று எழுதிவிடுவார்கள். வகுத்தல் சரிதான். ஆனால் அது தொடக்கத்திலிருந்து அதுவரையிலான சராசரி. அதற்குள் மெதுவான முதல் 2.89 விநாடியும் அடக்கம்.

கடைசி 20 மீட்டருக்கு 1.66 விநாடி ஆனது, சாய்வு 12.05. எல்லைக்கோட்டை நெருங்கும்போது அவர் லேசாகத் தளர்ந்திருக்கிறார்.