எல்.டி.எல். கொழுப்பு: நோயின் அடையாளமா, காரணமா?

நெமிலியிலிருந்து இதயநோய்ப் பிரிவுக்கு வந்த ஒருவர், பரிசோதனைச் சீட்டை நீட்டிக் கேட்டார்: "எல்.டி.எல். 160 என்கிறீர்கள். எனக்கு நெஞ்சுவலியே இல்லையே, ஐயா! இந்த எண்ணைக் குறைக்க நாள்தோறும் மாத்திரை உண்ண வேண்டுமா?"

நியாயமான கேள்வி. எல்.டி.எல். மிகுந்தோர்க்கு மாரடைப்பும் மிகுதி என்பது பழைய செய்தி. ஆயினும் அவர்களுள் பலர் புகைபிடிப்போர்; உடற்பருமன் உடையோர். அப்படியாயின் கொழுப்பு நோயின் காரணமா, வெறும் அடையாளமா?

இதற்கு விடை தரும் ஒரு சோதனையை இயற்கையே நடத்தி வருகிறது. பெற்றோரின் மரபணுக்கள் குலுக்கல் முறையில் பிள்ளைகளைச் சேர்கின்றன. எல்.டி.எல்.லைக் குறைக்கும் மரபணு மாற்றம் ஒரு பிள்ளைக்கு வாய்க்கும். உடன்பிறந்தவருக்கு வாய்க்காது போகலாம். புகைப்பழக்கமோ வருமானமோ இக்குலுக்கலைத் தீர்மானிப்பதில்லை. எனவே இவ்விரு வகையினரையும் ஒப்பிட்டால் கொழுப்பின் விளைவு தனித்துத் தெரியும். மரபியலின் தந்தையான மெண்டலின் பெயரால் இதனை 'மெண்டல் சமவாய்ப்பு முறை' என்பர். பிசிஎஸ்கே9 என்னும் மரபணுவில் இத்தகைய மாற்றம் உடைய கறுப்பின அமெரிக்கர்களுக்கு எல்.டி.எல். 28 விழுக்காடு குறைந்திருந்தது. இதயத் தமனி நோயோ 88 விழுக்காடு குறைந்திருந்ததென 2006இல் வெளியான ஆய்வு காட்டியது.

இம்முறை எதற்கும் தலையாட்டி விடுவதில்லை. 2012இல் சேகர் கதிரேசன் முதலானோர், 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்.டி.எல்.லை இதே வழியில் சோதித்தனர். அதனை மட்டும் உயர்த்தும் மரபணு மாற்றம் பெற்றவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை. எச்.டி.எல். அடையாளமாகவே நின்றது, எல்.டி.எல். காரணமென உறுதிப்பட்டது.

மருந்தாய்வுகளும் இதனையே கூறுகின்றன. ஏறத்தாழ 1,70,000 பேர் பங்கேற்ற 26 ஸ்டாடின் ஆய்வுகளின் தொகுப்பு 2010இல் வெளியாயிற்று. எல்.டி.எல். ஏறத்தாழ 39 மி.கி. குறையுந்தோறும் மாரடைப்பு, பக்கவாதம் முதலியன ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. இது ஸ்டாடினின் தனிக்குணமோ என்ற ஐயமும் நீங்கியது. குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் என்னும் வேறு மருந்தும், எல்.டி.எல். குறைந்த அளவிற்கேற்பவே பயன் தந்தது.

ஆனால் மரபணுவால் கிடைக்கும் பயன் மாத்திரையின் பயனைவிடப் பெரிதாயிருப்பது ஏன்? மருந்தாய்வுகள் சில ஆண்டுகளே நடப்பவை; மரபணுவோ பிறப்பு முதல் பணியாற்றுகிறது. தமனிச் சுவரில் கொழுப்பு பல்லாண்டுகள் வலியின்றியே படிகிறது.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு மரபணு வேறு வழிகளிலும் உடலைப் பாதிக்கலாம். ஆகவேதான் வெவ்வேறு வழிகளில் எல்.டி.எல்.லைக் குறைக்கும் பல மரபணுக்களை ஆராய்ந்தனர். அவை அனைத்தும் ஒரே விடையைத் தந்தன.

நெமிலிக்காரரின் கணக்கிற்கு வருவோம். அவரையொத்த நூறு பேருள் வரும் ஆண்டுகளில் பத்துப் பேர்க்கு மாரடைப்பு நேருமெனக் கொள்வோம். எல்.டி.எல். 160இலிருந்து 82ஆகக் குறைந்தால் அப்பத்து ஏறத்தாழ ஆறாகும். தப்பும் நால்வர் யாரென முன்னரே சொல்ல இயலாது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் எல்.டி.எல். பழைய நிலைக்கே ஏறிவிடும். அதனாலேயே நாள்தோறும் உண்ணச் சொல்கிறோம்.