திரும்பி வரும் ஆங்கிலம் காட்டுவதும் மறைப்பதும்

புதிய மருந்தொன்றைச் சோதிக்கும் ஆய்வில் சேருபவர் முதலில் ஒப்புதல் படிவத்தைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டுப் பிறகுதான் தமிழுக்கு வருகிறது. ஆய்வை நடத்தும் நிறுவனத்தில் தமிழ் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம். தமிழில் எழுதியிருப்பது சரிதானா என்று அவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? அதற்காக அந்தத் தமிழையே மறுபடி ஆங்கிலமாக்கிப் பார்க்கிறார்கள். துறையில் இதற்கு 'பேக் டிரான்ஸ்லேஷன்' என்று பெயர். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்த முறை ஆய்வுலகில் பரவலானது. இந்தியாவிலும் நெறிமுறைக் குழுக்கள் இதைக் கேட்பது வழக்கம்.

முதலாமவர் ஆங்கிலத்தைத் தமிழாக்குவார். மூல ஆங்கிலத்தைக் கண்ணாலும் பார்த்திராத இரண்டாமவர், தமிழை மட்டும் வைத்துக்கொண்டு ஆங்கிலமாக்குவார். மூன்றாமவர் இரண்டு ஆங்கிலத்தையும் வரிக்கு வரி ஒப்பிடுவார். இரண்டாமவர் மூலத்தைப் பார்த்துவிட்டால் சோதனையே கெட்டுவிடும். தமிழில் இல்லாததையும் அவர் மனம் நிரப்பிக்கொள்ளும்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். எந்த நேரத்திலும் நீங்களாகவே ஆய்வைவிட்டுப் போகலாம் என்கிறது மூலம். தமிழில் 'விலகலாம்' என்று வரவேண்டிய இடத்தில் 'விலக்கப்படலாம்' என்று விழுந்துவிட்டது. தமிழ்ப் படிவத்தை மட்டும் வேகமாகப் படிப்பவர் கண்ணுக்கு இது எளிதில் தப்பிவிடும். திரும்பி வரும் ஆங்கிலத்திலோ, உங்களை நாங்கள் வெளியேற்றலாம் என்று பளிச்சென்று நிற்கும். நோயாளியின் உரிமை நிறுவனத்தின் அதிகாரமாக மாறிவிட்டது. இப்படிப்பட்ட பிழைகளைப் பிடிப்பதில் இந்த முறைக்கு நிகரில்லை. யார் செய்கிறார், செய்யலாமா, செய்யக்கூடாதா, எத்தனை முறை, எவ்வளவு என்பவை புரண்டிருந்தால் உடனே தெரிந்துவிடும்.

சிக்கலான சொற்கள் வரும்போதுதான் கவனம் தேவை. 'பிளாசிபோ' என்பதைப் பாருங்கள். ஆய்வில் ஒரு பிரிவினருக்கு மருந்தும், இன்னொரு பிரிவினருக்குப் பார்க்க அதே போலிருக்கும், ஆனால் மருந்தில்லாத மாத்திரையும் கொடுப்பார்கள். அந்த மாத்திரைதான் இது. படிவத்தில் 'பிளாசிபோ' என்றே எழுதிவிட்டால், திரும்பி வரும் ஆங்கிலம் மூலத்தோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தும். ஒப்பிடுபவர் சரி என்று குறித்துவிடுவார். கிராமத்திலிருந்து வந்த நோயாளிக்கு அந்தச் சொல்லில் எதுவும் விளங்கியிருக்காது.

'போலி மருந்து' என்று எழுதினால் நிலைமை இன்னும் மோசம். போலி மருந்து விற்றவர் கைது என்று செய்தித்தாளில் படிக்கிறவர் நாம். கலப்பட மருந்தைத் தரப்போகிறார்கள் என்றே எண்ணத் தோன்றும். ஆனால் ஆங்கிலமாக்குபவர் மருத்துவத் துறையில் ஊறியவராக இருந்தால், எதைச் சொல்ல வருகிறார்கள் என்று ஊகித்து 'பிளாசிபோ' என்றே திருப்பித் தந்துவிடுவார். அவருடைய திறமையே பிழையை மூடிவிடுகிறது. அதனால் இந்த வேலைக்கு, தமிழில் என்ன இருக்கிறதோ அதை மட்டும், கரடுமுரடாக இருந்தாலும், அப்படியே தருபவரே எனக்கு உகந்தவராகப் படுகிறார்.

'மருந்து எதுவும் சேராத மாத்திரை' என்று எழுதிப் பார்ப்போம். திரும்பி வருவது வேறு சொற்களில் இருக்கும். 'பிளாசிபோ' அதில் இருக்காது. அனுபவமில்லாதவர் பொருந்தவில்லை என்று சிவப்பு மையில் சுழித்துவிடுவார். உண்மையில் மூன்றில் நோயாளிக்குப் பயன்படுவது இதுதான். ஒப்பிடும்போது கேட்க வேண்டியது, இதைப் படித்தவர் செய்யப்போவதும் நம்பப்போவதும் மூலத்தைப் படித்தவர் செய்வதும் நம்புவதும்தானா என்பது. சொல் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால், மோசமான தமிழ் தேறிவிடும், நல்ல தமிழ் தோற்றுவிடும்.

இன்னொரு தவறும் நடக்கக்கூடும், அதை நான் மன்னிக்கவே மாட்டேன். வேறுபாடு தெரிந்ததும், அவசரத்தில், தமிழைத் தொடாமல் திரும்பி வந்த ஆங்கிலத்தை மட்டும் மூலத்துக்கு இசையத் திருத்திவிடுவது. கோப்பு அழகாகிவிடும், நோயாளியின் கைக்குப் போகும் தாளில் பிழை அப்படியே இருக்கும். திருத்த வேண்டியது தமிழை. திருத்திய வாக்கியத்தை மீண்டும் ஆங்கிலமாக்கிப் பார்க்க வேண்டும். எந்த வரியில், ஏன் மாற்றினோம் என்றும் எழுதி வைக்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு, ஆய்வுக்கு வரக்கூடியவர்களைப் போன்ற சிலரிடம் படிவத்தைப் படிக்கக் கொடுத்து, "இதில என்ன சொல்லியிருக்குன்னு உங்க வார்த்தையில சொல்லுங்கம்மா" என்று கேட்க வேண்டும். புரிந்ததா என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். சொந்த வார்த்தையில் சொல்லச் சொன்னால்தான், "மருந்தே இல்லைன்னா அந்த மாத்திரையை எதுக்குக் குடுக்குறீங்க?" என்பது போன்ற கேள்விகள் வரும். மூலத்திலேயே அதற்குப் பதில் இல்லையென்றால் ஆங்கிலப் படிவத்தில்தான் ஒரு வரி சேர்க்க வேண்டும். நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்த பின் ஒரு சொல்லை மாற்றவும் மறுபடி அவர்களிடம் போக வேண்டியிருக்கும் என்பதால், இந்தச் சுற்று முழுவதையும் படிவத்தைக் குழுவிடம் கொடுப்பதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.