கையேட்டில் பூத்த பூங்கா: கட்டுநரிடம் எழுத்தில் விடை பெறும் முறை

சென்னையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் அடுக்குமாடி வீடு விற்போர் வெளியிடும் விளம்பரக் கையேடுகளில், வீட்டைக் காட்டிலும் வீட்டைச் சூழ்ந்தவையே பெரிதாக இடம் பெறுகின்றன. கிளப் ஹவுஸ் எனப்படும் மனமகிழ் மன்றம், நீச்சற்குளம், முதியோர் உலாவும் பூங்கா என்று வண்ணப் படங்கள் பக்கந்தோறும் விரியும். வீடு கைக்கு வந்தபின் மன்றம் இருக்க வேண்டிய இடத்தில் மணற்குவியலும், பூங்கா இருக்க வேண்டிய இடத்தில் முட்புதரும் காணப்படுவதுண்டு. கேட்டால், "அடுத்த கட்டத்தில் வந்துவிடும், சார்" என்னும் விடை தொலைபேசியில் வரும். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு தமிழகத்தில் வீடு வாங்கியவர்க்கு அந்தத் தொலைபேசி விடை ஒன்றே பற்றுக்கோடாகிவிடுகிறது.

இந்நிலையில் கட்டுநருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று பலரும் கூறுவர். ஆனால் அக்கடிதத்தின் நோக்கம் யாது என்பதில் தெளிவு இருப்பதில்லை. "எப்பொழுது கட்டித் தருவீர்?" என்று கேட்பது இயல்பேயாயினும், அக்கேள்விக்கு "விரைவில்" என்னும் ஒரு சொல்லே விடையாகிவிடும். கேட்க வேண்டியது வேறு. வாக்களித்த மன்றமும் பூங்காவும் எந்த ஏட்டில், எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளன என்பதைக் கட்டுநரே தம் கையெழுத்திட்டுக் கூறுமாறு செய்தல் வேண்டும். எழுத்தில் கேட்பதன் பயன் அதுவேயாகும்.

நான்கு ஏடுகள்

ஒரு வாக்குறுதி நான்கு இடங்களில் பதிவு பெறலாம். முதலாவது விளம்பரக் கையேடு. இரண்டாவது விற்பனை ஒப்பந்தமும் அதன் இணைப்புகளும். மூன்றாவது நகரமைப்பு அதிகாரிகள் ஒப்புதல் அளித்த வரைபடம். நான்காவது, 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி ஆணையத்தில் கட்டுநர் பதிவு செய்த விவரங்கள். இச்சட்டத்தை மக்கள் 'ரெரா' என்றே வழங்குகின்றனர். தமிழ்நாட்டில் பதிவு பெற்ற திட்டங்களின் விவரங்களை ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் காணலாம். ஆதலால் வெளிநாட்டில் இருப்பவரும் கடிதம் எழுதுமுன் இந்நான்காம் ஏட்டைப் பார்த்துவிட முடியும்.

நான்கும் ஒத்திருந்தால் வழக்கே எழாது. சிக்கல் எழுவது அவை தம்முள் வேறுபடும்பொழுதுதான். கையேட்டில் மட்டும் இருந்து மற்ற மூன்றிலும் இல்லாத பூங்காவும் உண்டு. வரைபடத்தில் இருந்தும் ஒப்பந்தத்தில் பரப்பளவு குறிக்கப்படாத மன்றமும் உண்டு.

கையேட்டில் மட்டும் உள்ளதற்கு மதிப்பில்லை என்று கருதிவிடலாகாது. ரெரா சட்டத்தின் 12ஆம் பிரிவு, விளம்பரத்திலோ கையேட்டிலோ கண்ட செய்தியை நம்பிப் பணம் செலுத்தியவர், அச்செய்தி பொய்யாகவோ தவறாகவோ இருந்தமையால் இழப்புற்றால், கட்டுநர் ஈடு செய்ய வேண்டும் என்கிறது. கையேட்டின் அடியில் பொடி எழுத்தில் "படங்கள் ஓவியரின் கற்பனையே" என்று அச்சிட்டிருப்பர். படத்திலுள்ள மரத்தின் உயரத்துக்கும் சுவரின் வண்ணத்துக்கும் அவ்வாசகம் பொருந்தலாம். "4,000 சதுர அடி மனமகிழ் மன்றம்" என்று எழுத்தால் எழுதியதை அவ்வாசகம் கொண்டு அழிப்பது எளிதன்று. ஆகவே கடிதத்தில் படத்தைச் சுட்டாமல், கையேட்டின் சொற்களையே பக்க எண்ணுடன் எடுத்தெழுதுதல் நலம்.

பூங்கா யாருடையது?

தமிழ்நாட்டில் பூங்காவைப் பற்றிய கேள்விக்குத் தனிச் சிறப்பு உண்டு. பெரிய மனைகளில் திறந்தவெளி ஒதுக்கீடு என்றொரு விதி இருக்கிறது. கட்டடத் துறையினர் அதனை 'ஓ.எஸ்.ஆர். நிலம்' என்பர். மனையின் பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேற்படின், சாலைகள் நீங்கிய பரப்பில் 10 விழுக்காட்டைப் பொதுமக்கள் பயனுக்காக உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அந்நிலம் அதன்பின் கட்டுநருக்கும் உரியதன்று. வீடு வாங்கியோருக்கும் உரியதன்று. அது ஊருக்குரியது.

கற்பனைத் திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மனையின் பரப்பு 12,000 சதுர மீட்டர். அதில் சாலை 1,000 சதுர மீட்டர். எஞ்சிய 11,000இல் 10 விழுக்காடு 1,100 சதுர மீட்டராகும். சென்னைக் கணக்கில் இது ஏறத்தாழ ஐந்து கிரவுண்டு. கையேட்டிலோ "குடியிருப்போருக்கென்றே கால் ஏக்கர்ப் பூங்கா" என்று காணப்படுகிறது. கால் ஏக்கர் என்பது ஏறத்தாழ 1,012 சதுர மீட்டர். இரு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்கும்பொழுது, ஊருக்குக் கொடுத்த நிலத்தையே குடியிருப்போரின் தோட்டமாகக் காட்டியிருக்கக் கூடும் என்னும் ஐயம் எழுவது முறையே. வரைபடத்தில் அந்த மூலையைப் பார்த்தால் உண்மை விளங்கும். அங்கே 'ஓ.எஸ்.ஆர்.' என்ற குறிப்பு இருப்பின், "பூங்காவை எப்பொழுது அமைப்பீர்?" என்று ஆண்டுக்கணக்கில் கேட்டும் பயனில்லை. கேட்க வேண்டியது, எங்களுக்குரியது என்று விற்ற பூங்கா வேறெங்கே உள்ளது என்பதாகும்.

கடிதத்தின் உரு

இக்கற்பனைத் திட்டத்தில் 120 வீடுகள் என்றும், வீட்டுக்கு ரூ. 2 இலட்சம் 'கிளப் ஹவுஸ் கட்டணம்' என்று பெறப்பட்டதென்றும் வைத்துக்கொண்டால், கடிதத்தின் நடுப்பகுதி பின்வருமாறு அமையலாம்:

"தங்கள் கையேட்டின் 6ஆம் பக்கத்தில் '4,000 சதுர அடி மனமகிழ் மன்றம்' என்றும், 8ஆம் பக்கத்தில் 'குடியிருப்போருக்கென்றே கால் ஏக்கர்ப் பூங்கா' என்றும் குறிக்கப்பட்டுள்ளன. இவ்விரண்டும் இன்றளவும் அமைக்கப்படவில்லை. கீழ்க்காணும் நான்கு கேள்விகளுக்கும் தனித்தனியே, எழுத்தில் விடையளிக்க வேண்டுகிறோம்.

1. ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் மன்றமும் பூங்காவும் எவ்விடத்தில், எவ்வளவு பரப்பில் காட்டப்பட்டுள்ளன? அவ்வரைபடத்தின் படியை இணைக்கவும்.

2. பூங்காவாகக் காட்டிய நிலத்தின் எப்பகுதியேனும் உள்ளாட்சி அமைப்புக்குத் தானமாக அளிக்கப்பட்டுள்ளதா? ஆம் எனில், பத்திர எண்ணும் நாளும் யாவை?

3. மன்றத்துக்கெனப் பெற்ற கட்டணம் மொத்தம் எவ்வளவு? அதில் இதுவரை செலவானது எவ்வளவு?

4. ஒப்புதலுக்குப்பின் வரைபடம் மாற்றப்பட்டதா? ஆம் எனில், வீடு பெற்றோரின் எழுத்து மூலமான இசைவு எந்நாளில் பெறப்பட்டது?"

நான்காம் கேள்விக்கு அடிப்படை 14ஆம் பிரிவாகும். பொதுப் பகுதிகளின் வரைபடத்தை மாற்ற, கட்டுநர் நீங்கலாக, வீடு பெற்றோரில் மூன்றில் இரு பங்கினரின் இசைவை முன்கூட்டியே எழுத்தில் பெற வேண்டும். 120 வீடுகளும் விற்கப்பட்டிருப்பின் 80 பேர் இசைந்திருக்க வேண்டும். வரைபடத்தைக் கேட்பதற்கும் உரிமை உண்டு. 19ஆம் பிரிவு அதனை வழங்குகிறது.

கடிதத்தில் நாள், திட்டத்தின் பதிவு எண், வீட்டு எண் ஆகியவை இருத்தல் வேண்டும். விடைக்கு 15 நாள் தவணை குறிப்பது வழக்கம். இது சட்டம் விதித்த அளவன்று. மின்னஞ்சலில் அனுப்புவதோடு, பெற்றதற்குச் சான்று கிடைக்கும் வகையில் விரைவு அஞ்சலிலும் அனுப்புதல் நன்று. சினச் சொற்களும் அச்சுறுத்தலும் வேண்டா. அவை இருப்பின் விடை அவற்றுக்கே வரும், கேள்விகளுக்கு வாராது.

விடையைப் படிக்கும் முறை

கட்டுநரின் விடை பெரும்பாலும் மூன்று வகையில் அமையும்.

"மன்றம் அடுத்த கட்டத்தைச் சேர்ந்தது" என்பது முதல் வகை. இதற்கு மறுமொழி, அடுத்த கட்டத்தின் பதிவு எண்ணைக் கேட்பதாகும். எண் இல்லையெனில் அக்கட்டம் இன்னும் பதிவு பெறவில்லை என்று பொருள். எண் இருப்பின், அப்பதிவில் மன்றம் காட்டப்பட்டுள்ளதா என்று பார்க்கலாம்.

"கையேடு ஒப்பந்தத்தின் பகுதியன்று" என்பது இரண்டாம் வகை. இது மறுப்புப் போலத் தோன்றினும், கையேடு தம்முடையதே என்று கட்டுநர் ஒப்புக்கொண்டதாகிறது. 12ஆம் பிரிவின்படி முறையிடுவோர்க்கு அவ்வொப்புதல் பயன்படும்.

"வீட்டைக் குறையின்றிப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டுவிட்டீர்கள்" என்பது மூன்றாம் வகை. இதைக் கண்டு சோர்ந்து பின்வாங்குவோர் பலர். கொல்கத்தாவில் விளையாட்டுத் திடல், சமுதாயக் கூடம், எழிலார்ந்த தோட்டம் முதலியவை தரப்படவில்லை என்று வீடு வாங்கியோர் தொடுத்த வழக்கைத் தேசிய நுகர்வோர் ஆணையம் தள்ளிவிட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் அம்முடிவை நீக்கி, வழக்கை மீண்டும் ஆராயுமாறு பணித்தது. வீட்டைப் பெற்றுக்கொண்டமையால் மட்டும், வாக்களித்த வசதிகளைக் கோரும் உரிமை போய்விடுவதில்லை என்பது அத்தீர்ப்பால் தெளிவாகிறது. எனினும் கையெழுத்திட்ட தாளின் வாசகமும் முக்கியமாதலால், அதன் படியையும் கடிதங்களோடு சேர்த்து வைத்தல் வேண்டும்.

விடையே வாராமற் போகலாம். அப்பொழுது அனுப்பிய கடிதமும் பெற்ற சான்றுமே, கேட்டும் கட்டுநர் கூறவில்லை என்பதைக் காட்டும்.

கடிதத்துக்குப் பின்

மன்றத்தைக் கட்டித் தருமாறு கட்டுநரைப் பணிக்க வேண்டின் ரெரா ஆணையத்திடம் முறையிட வேண்டும். கட்டுநருக்கு ஆணையிடும் அதிகாரம் 37ஆம் பிரிவால் அதற்கு உண்டு. இழப்பீடு வேண்டின், அதனைக் கணிப்பவர் தீர்ப்பளிக்கும் அலுவலர். இப்பாகுபாட்டை உச்ச நீதிமன்றம் 2021 நவம்பரில் உறுதி செய்தது. இழப்பீட்டைக் கணிக்கும்பொழுது, கட்டுநர் முறையின்றி அடைந்த ஆதாயமும் கணக்கிடத்தக்கதாயின் கருதப்படும். மூன்றாம் கேள்வியின் பயன் இங்குதான் விளங்கும். 120 வீடுகளுக்கு ரூ. 2 இலட்சம் வீதம் ரூ. 2 கோடி 40 இலட்சம் பெற்றதாகக் கட்டுநரே எழுதிவிட்டால், அத்தொகையைப் பற்றித் தனியே சாட்சி தேட வேண்டுவதில்லை.

இருவகை எல்லைகளையும் மறத்தலாகாது. ரெரா சட்டம் எல்லாக் கட்டடங்களுக்கும் பொருந்துவதன்று. மனை 500 சதுர மீட்டருக்கு மேற்படாததும், வீடுகள் எட்டுக்கு மேற்படாததுமான சிறு திட்டங்களுக்குப் பதிவு வேண்டியதில்லை. 2017 மே 1ஆம் நாளுக்கு முன்பே நிறைவுச் சான்று பெற்றவற்றுக்கும் அவ்வாறே. அத்தகையோர் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். அங்கே, வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் முறையிட வேண்டும் என்பது விதி. தாமதத்தைத் தக்க காரணம் காட்டி மன்னிக்கக் கோரலாமெனினும், அது ஆணையத்தின் விருப்பத்தைப் பொறுத்தது.

கடிதம் எழுதுவதால் மட்டும் இந்தத் தவணை நீள்வதில்லை. "விரைவில்" என்னும் விடையை நம்பி ஆண்டுகளைக் கழித்தவர் பின்னர் வருந்துவது இதனாலேயே. கடிதத்தின் மேல் நாளைக் குறிக்கும்பொழுதே, வீடு ஒப்படைக்கப்பட்ட நாளையும் ஒப்பந்தம் மன்றத்துக்குக் குறித்த நாளையும் அருகில் எழுதிப் பார்த்தால், எஞ்சியுள்ள காலம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.