கட்டைவிரல் மறைத்த மூலை

இரவு ஒன்பதரைக்கு அத்தையிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கோயில் திருவிழா மலரின் கடைசிப் பக்கத்தில் இருந்த குறுக்கெழுத்துப் புதிர். டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்த படம். பக்கத்தை மடித்திருந்த கோடு நடு வரிசையின் மேலேயே ஓடியது. வலது கீழ் மூலையை அத்தையின் கட்டைவிரல் மறைத்துக்கொண்டிருந்தது. நடு வரிசையில் பால்பாயின்ட் பேனாவால் ‘பிரசவம்’ என்று அழுத்தி எழுதியிருந்தார்.

உடனே போனும் வந்தது. “கண்ணு, அந்தப் படம் என்னன்னு சொல்லு. பாவமன்னிப்புன்னு நெனச்சேன், கட்டம் பத்தல.”

“எல்லாத்தையும் பார்த்துட்டுக் கூப்பிடறேன் அத்தை” என்றேன்.

புதிர் சிறியதுதான். ஐந்துக்கு ஐந்து சதுரம், ஆறே குறிப்புகள், ஒவ்வொன்றின் முடிவிலும் அடைப்புக்குறிக்குள் 5 என்று எழுத்தெண்ணிக்கை. இடமிருந்து வலம் 1: எட்டயபுரத்தில் பிறந்த கவிஞர். 3: குழந்தை பிறப்பு. வலமிருந்து இடம் 4: கடவுள் உண்டு என்பவர். மேலிருந்து கீழ் 1: பீம்சிங் இயக்கி 1961இல் வந்த படம். 2: ஏழுமலையானின் ஊர். கீழிருந்து மேல் 4: மேட்டூர் அணை திறந்தால் டெல்டா வயலுக்கு வருவது.

புகைப்படத்தில் வந்த புதிருக்கு விடை தேடும் முன் கட்டத்தைச் சரியாக மீட்டெடுக்க வேண்டும். விரல் மறைத்த இடத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. எது கறுப்பு, எது வெள்ளை, எண் எங்கே என்று எதுவும் தெரியவில்லை. தெரிந்த பகுதியில் கறுப்புக் கட்டங்கள் மூன்று: இரண்டாம் வரிசையில் இரண்டாவதும் நான்காவதும், நான்காம் வரிசையில் இரண்டாவது. படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால், நான்காம் வரிசையின் நான்காவது கட்டமும் கறுப்பாக இருந்தால்தான் சதுரம் ஒத்துப்போகும் என்று தெரிகிறது. எல்லாப் புதிரும் இப்படிச் சமச்சீராக இருக்காது என்பதால் இதை மட்டும் நம்பக் கூடாது. குறிப்புகளோடும் ஒட்டிப் பார்த்தேன். அந்தக் கட்டம் வெள்ளையாக இருந்தால் நான்காம் வரிசையின் கடைசியில் மூவெழுத்துச் சொல் ஒன்று உருவாகும். அதற்கு ஒரு குறிப்பு வேண்டும். பட்டியலில் மூவெழுத்துக் குறிப்பே இல்லை. ஆகவே அது கறுப்புதான், மற்ற மூன்றும் வெள்ளை.

அடுத்தது எண். 1 மேல் இடது மூலையில் தெளிவாக இருந்தது. 2 மேல் வரிசையின் நடுவில். நடு வரிசைத் தொடக்கத்தில் இருந்த எண் மடிப்புக்குள் சிக்கி 8 போலத் தெரிந்தது, ஆனால் பட்டியலில் 8 இல்லை, அது 3. அப்படியானால் 4 எங்கே? வலமிருந்து இடமாக ஒரு சொல்லும் கீழிருந்து மேலாக ஒரு சொல்லும் ஒரே 4இல் தொடங்குகின்றன. வலது ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் ஒரே சமயத்தில் இருக்கும் கட்டம் ஒன்றுதான். அத்தையின் விரலுக்கு அடியில் இருக்கும் கடைசி மூலை.

இப்படி நான்கு திசையிலும் சொல் ஓடுவது நம் பத்திரிகைப் புதிர்களில் சாதாரணம். 1913 டிசம்பரில் ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் ஆர்தர் வின் வெளியிட்ட முதல் புதிரிலிருந்து ஆங்கிலக்காரர்களுக்கு இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்ற இரண்டு திசையே போதுமாக இருக்கிறது. நமக்குப் போதாது. காரணம் புள்ளி. தமிழ்ப் புதிரில் ‘பா’ ஒரு கட்டம், ‘தி’ ஒரு கட்டம், ‘ர்’ என்ற புள்ளி வைத்த எழுத்துக்கும் தனிக் கட்டம். நம் சொற்களில் ஏராளமானவை ம், ர், ன், ள், ல் என்று மெய்யில் முடிகின்றன. ஆனால் மெய்யெழுத்துச் சொல்லுக்கு முதலில் வராது. ‘பாரதியார்’ என்று மேல் வரிசையில் எழுதிவிட்டால் வலது மூலையில் ‘ர்’ வந்து உட்காரும். அங்கிருந்து கீழே இறங்குகிற ஒரு சொல்லை எவராலும் தொடங்க முடியாது. அந்த ‘ர்’ரை இன்னொரு சொல்லின் கடைசியாக்கினால்தான் வழி பிறக்கும், அதாவது கீழிருந்து மேலேறி அங்கே வந்து முடிகிற சொல் வேண்டும். புதிர் அமைப்பவர் திசையைத் திருப்பியிருந்தால் அது பெரும்பாலும் நம்மைக் குழப்புவதற்காக அல்ல, மொழி அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. விடை தேடுகிறவருக்கு இதில் ஒரு லாபமும் உண்டு: இரண்டு சொற்கள் முடிகிற மூலையில் பெரும்பாலும் ஒரு மெய்யெழுத்துதான் இருக்கும்.

இனி விடைகள். ஐயமே இல்லாத குறிப்பில் தொடங்குவது நல்லது. எட்டயபுரத்தில் 1882இல் பிறந்தவர் பாரதியார். பா, ர, தி, யா, ர். ஐந்து சரி. ‘பாரதி’ என்றால் மூன்றோடு நின்றுவிடும். இந்த ஒரு விடையால் மேல் வரிசை முழுதும் நிரம்பி, கீழே இறங்கும் இரண்டு சொற்களின் முதலெழுத்தும் கைக்கு வந்துவிட்டது: இடது ஓரத்தில் பா, நடுவில் தி.

நடுவில் இறங்குவது ஏழுமலையானின் ஊர். முதலில் நாவில் வருவது திருமலை. கோயில் இருப்பதும் அங்கேதான். ஆனால் அது நான்கெழுத்து. ‘வேங்கடம்’ ஐந்தெழுத்து, பொருளும் பழுதில்லை. பாரதியாரிடமிருந்து வந்த ‘தி’ இல்லாவிட்டால் வேங்கடத்தையே எழுதியிருப்பேன். தி, ரு, ப், ப, தி. திருப்பதி.

இடது ஓரத்தில் அத்தையை மடக்கிய படம். பீம்சிங்கின் படங்களில் ‘ப’ வரிசையில் தொடங்கும் தலைப்புகள் மிகுதி. 1961இல் மட்டும் ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ என்று மூன்று வந்தன. மூன்றிலும் சிவாஜி, மூன்றும் ‘பா’வில் தொடங்குபவை. அதனால் முதலெழுத்துத் தெரிந்தும் பயனில்லை. இங்கே எண்ணிப் பார்ப்பதுதான் தீர்ப்பு. பா, வ, ம, ன், னி, ப், பு என்று பாவமன்னிப்புக்கு ஏழு. பாலும் பழமும் என்பதற்கும் ஏழு. பா, ச, ம, ல, ர் என்று பாசமலருக்குத்தான் ஐந்து. அத்தைக்குப் படம் தெரியாமல் இல்லை, மூன்றில் தவறான ஒன்று முந்திக்கொண்டுவிட்டது.

இப்போது நடு வரிசையைப் பார்த்தால் சிக்கல் எங்கே இருந்தது என்று தெரியும். குழந்தை பிறப்புக்கு அத்தை எழுதிய ‘பிரசவம்’ ஐந்தெழுத்துதான். பி, ர, ச, வ, ம். பொருளிலும் குறையில்லை. ஆனால் பாசமலரின் மூன்றாம் எழுத்தான ‘ம’ இந்த வரிசையின் முதல் கட்டத்தில் விழுகிறது. திருப்பதியின் ‘ப்’ நட்டநடுக் கட்டத்தில் விழுகிறது. பிரசவத்தில் அந்த இடங்களில் இருப்பவை பி, ச. குறிப்போடு மட்டும் பொருந்தி, குறுக்கே வரும் சொற்களோடு பொருந்தாத விடையை எவ்வளவு பிடித்தாலும் அடித்துவிட வேண்டும். பேனாவால் எழுதியதை அடிக்க மனம் வராமல் படத்தின் பெயரையே சந்தேகித்துக்கொண்டிருந்தார் அத்தை.

ம, வெற்றிடம், ப், பிறகு இரண்டு வெற்றிடம். இங்கே இன்னொரு பிடி இருக்கிறது. தமிழில் க், ச், த், ப் ஆகிய நான்கு மெய்களுக்குப் பின் அதே இனத்து எழுத்துதான் வரும். க்-குக்குப் பின் க வரிசை, ப்-புக்குப் பின் ப வரிசை. ஆகவே நான்காவது கட்டத்தில் ப, பா, பி, பே என்று ஏதோ ஒன்றுதான் இருக்க முடியும். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ம, க, ப், பே, று. மகப்பேறு. அரசாணையில் ‘மகப்பேறு விடுப்பு’ என்று படித்த சொல்.

வலது ஓரத்தில் மேலேறும் சொல்லுக்கு நடுவில் ‘று’, கடைசியில் பாரதியாரின் ‘ர்’. டெல்டா வயலுக்கு வருவது நீர்தான் என்பதால் முடிவு ‘நீர்’ என்று ஊகிக்கலாம். காவிரிநீர், பாசனநீர், ஆற்றுநீர் மூன்றும் ஐந்தெழுத்து, மூன்றும் ‘நீர்’ என்றே முடிகின்றன. மூன்றாம் எழுத்து முறையே ரி, ன, று. மகப்பேறு கொடுத்த ‘று’ ஆற்றுநீரைத் தவிர எதையும் அனுமதிக்கவில்லை.

கடைசியாகக் கீழ் வரிசை. ஆற்றுநீரின் ‘ஆ’வில் தொடங்கி, வலமிருந்து இடமாகப் போய், நடுவில் திருப்பதியின் ‘தி’யைத் தொட்டு, பாசமலரின் ‘ர்’ரில் முடிய வேண்டும். கடவுள் உண்டு என்பவர்: ஆ, த், தி, க, ர். கட்டம் நிரம்பியது.

பா | ர | தி | யா | ர்
ச | ■ | ரு | ■ | நீ
ம | க | ப் | பே | று
ல | ■ | ப | ■ | ற்
ர் | க | தி | த் | ஆ

கீழ் வரிசையை இடமிருந்து படித்தால் உளறல் போலத் தெரியும். வலமிருந்து படித்தால் ஆத்திகர்.

ஆனால் ஒரு கட்டம் என்னை விடவில்லை. ‘ஆஸ்திகர்’ என்றும் எழுதுகிறார்கள். ஆ, ஸ், தி, க, ர். அதுவும் ஐந்துதான். வேறுபடும் அந்த இரண்டாம் எழுத்து விழுவது நான்காம் பத்தியில், அதற்கு நேர் மேலே கறுப்புக் கட்டம். குறுக்கே எந்தச் சொல்லும் அதைத் தொடவில்லை. இந்தச் சதுரத்தில் வெள்ளைக் கட்டங்கள் 21, அவற்றில் இரண்டு சொற்கள் சந்திப்பவை 9 மட்டுமே. மீதி 12 கட்டங்களுக்குச் சாட்சி ஒருவர்தான். பெரும்பாலான இடங்களில் அதனால் தீங்கில்லை, ‘மகப்பேறு’ என்ற சொல்லில் ‘க’வுக்குப் பதிலாக வேறு எதையும் வைக்க முடியாது. ஆத்திகரில் மட்டும் இரண்டு எழுத்து முறைகளும் உயிரோடு இருக்கின்றன. புதிர் அமைத்தவர் பிரசவத்தை விட்டு மகப்பேற்றை எடுத்திருக்கிறார், மற்ற ஐந்து விடைகளிலும் வட எழுத்து ஒன்றுகூட இல்லை. அதனால் ‘த்’ பக்கம்தான் என் மனம் சாய்கிறது. என்றாலும் அது அவருடைய பழக்கத்தைப் பார்த்துச் சொல்லும் ஊகம். கட்டம் தந்த விடை என்று சொல்ல மாட்டேன்.

அத்தைக்குப் போன் செய்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாசமலர் என்றதும், “அடடா, சாவித்திரி படமில்ல!” என்றார். பிரசவத்தை அடிக்கும் சத்தம் போனில் கேட்டது. கீழ் வரிசையில் வலமிருந்து இரண்டாவது கட்டத்தை மட்டும் பென்சிலால் எழுதச் சொன்னேன்.