பத்து அத்தியாயம், ஒரே சொல்

மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் கோப்புகளில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாற்றைக் காத்துவைக்கப் பயன்படுத்தும் கருவி கிட். லினக்ஸ் கருநிரல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் இதை உருவாக்கினார். இதைக் கற்றுத்தரும் நூல்களில் பரவலாகப் படிக்கப்படுவது 'புரோ கிட்'. ஸ்காட் சாக்கானும் பென் ஸ்ட்ராபும் எழுதிய இரண்டாம் பதிப்பு 2014இல் வந்தது. பத்து அத்தியாயங்களும் மூன்று பின்னிணைப்புகளும் கொண்ட அந்த நூலை, வணிக நோக்கமின்றி யாரும் மொழிபெயர்த்து வெளியிட அதன் உரிமம் அனுமதிக்கிறது. ஐந்து பேர் ஆளுக்கு இரண்டு அத்தியாயமாக அதைத் தமிழில் பெயர்க்க உட்கார்ந்தால் முதலில் செய்யவேண்டிய வேலை, கலைச்சொல் பட்டியல் போடுவது.

பட்டியல் என்றதும் இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ச் சொல் என்றுதான் நினைப்போம். இந்த நூலில் அது முதல் அத்தியாயத்திலேயே தடுக்கும். கிட்டில், மாற்றிய கோப்புகளை வரலாற்றில் நிரந்தரமாக ஏற்றுவதற்கு முன், இந்த முறை எவை ஏறவேண்டும் என்று தேர்ந்து வைக்கும் ஓர் இடம் உண்டு. முதல் அத்தியாயம் அதை 'ஸ்டேஜிங் ஏரியா' என்கிறது. 'இன்டெக்ஸ்' என்பதும் அதற்கே பெயர் என்று சொல்லிச் செல்கிறது. ஏழாம் அத்தியாயம் பெரும்பாலும் 'இன்டெக்ஸ்' என்றே பேசுகிறது. கட்டளைகளிலோ பழைய பெயரான 'கேஷ்' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு கட்டளைகளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன:

```
git diff --cached
git diff --staged
```

ஆங்கிலச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பட்டியல் போட்டால் மூன்று வரிகள் வரும். மூன்றுக்கும் மூன்று தமிழ்ச் சொற்கள் முளைக்கும். முதல் அத்தியாயம் படித்தவர் ஏழாவதுக்கு வரும்போது, இது வேறு ஏதோ புதிய இடம் என்று எண்ணிக்கொள்வார். எனவே பட்டியலின் ஒவ்வொரு வரியும் சொல்லுக்கு அல்ல, கருத்துக்கு உரியதாக இருக்கவேண்டும். முதலில் கருத்தை ஒரு வாக்கியத்தில் தமிழில் எழுதிக்கொள்ள வேண்டும்: 'அடுத்துப் பதியவிருக்கும் மாற்றங்களைத் தேர்ந்து வைக்கும் இடம்.' அதன் கீழே அந்தக் கருத்துக்கு நூலில் வரும் எல்லா ஆங்கிலப் பெயர்களும், பிறகு நாம் தேர்ந்த ஒரே தமிழ்ப் பெயரும் வரும். 'ஆயத்தப் பகுதி' என்று வைத்துக்கொள்வோம். இனி எந்த அத்தியாயத்தில் எந்த ஆங்கிலப் பெயர் வந்தாலும் தமிழில் ஆயத்தப் பகுதிதான். `--cached` போல வாசகர் தட்டச்சு செய்பவற்றை மட்டும் தொடக்கூடாது.

விதிவிலக்கையும் அதே வரியில் எழுதிவிடுவது நல்லது. இந்தத் தேர்வு விவரங்கள் வட்டில் `.git/index` என்ற கோப்பில் சேமிக்கப்படுகின்றன. கிட்டின் உள்ளமைப்பை விளக்கும் பத்தாம் அத்தியாயத்தில் அந்தக் கோப்பையே சுட்டும்போது 'இன்டெக்ஸ் கோப்பு' என்றுதான் சொல்லியாக வேண்டும். இடம் வேறு, அதைத் தாங்கும் கோப்பு வேறு என்று பட்டியல் சொல்லாவிட்டால், பத்தாம் அத்தியாயக்காரர் தன் போக்கில் ஒரு முடிவெடுப்பார்.

இன்னொரு சிக்கல் தமிழ்ப் பக்கத்திலிருந்து வருகிறது. மூன்றாம் அத்தியாயக்காரர், பிரிந்த இரண்டு கிளைகளைச் சேர்க்கும் 'மெர்ஜ்' என்பதை 'இணைப்பு' என்கிறார். நான்காம் அத்தியாயக்காரருக்குச் சேவையகத்துடன் கணினி கொள்ளும் தொடர்பு 'இணைப்பு'. ஆறாம் அத்தியாயத்தில் கிட்ஹப் தளத்தில் சொடுக்கும் 'லிங்க்' என்பதும் 'இணைப்பு'. ஒவ்வொருவரும் தன் அளவில் சரிதான். தன் அத்தியாயத்தை மட்டும் பார்க்கிறவர் கண்ணில் இந்த மோதல் படாது. 'இணைப்பு தோல்வியடைந்தது' என்று வாசகர் படிக்கும்போது, கிளைகள் சேரவில்லையா, வலைத்தொடர்பு அறுந்ததா என்று அவருக்கே தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பட்டியலைத் தமிழ்ச் சொல்லின் அகரவரிசையில் அடுக்கிப் பார்ப்பது. ஒரே சொல் அடுத்தடுத்து நின்றால் மோதல் வெளியே வந்துவிடும். பிறகு பங்கிட்டுக்கொள்ளலாம்: கிளைகளுக்கு 'ஒன்றிணைப்பு', சொடுக்குவதற்குத் 'தொடுப்பு', வலைத்தொடர்புக்கு மட்டும் 'இணைப்பு'. ஒவ்வொரு வரியிலும் 'தவிர்க்க வேண்டியவை' என்று ஒரு கட்டம் வைத்து, ஒன்றிணைப்புக்கு எதிரே 'இணைப்பு' என்று எழுதவேண்டும். தள்ளிய சொல்லைக் குறிக்காத பட்டியலில் அதே சொல் இரண்டு வாரத்தில் திரும்ப நுழைந்துவிடும்.

சொல்லைத் தேரும்போது அதன் குடும்பத்தையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 'கமிட்' என்பதற்குப் 'பதிவு' அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பெயராகவும் வினையாகவும் பன்மையிலும் வரும். கிட், மாற்றத்தை எழுதியவரையும் அதைக் கமிட் செய்தவரையும் இரண்டு பேராகப் பிரித்துக் குறிக்கிறது. `git log` காட்டும் வரலாற்றையும் ஒருவர் 'பதிவு' என்று எழுதக்கூடும். வாசகர் `git commit` என்று தட்டப்போகிறவர் என்பதால் 'கமிட்', 'கமிட்டுகள்', 'கமிட் செய்தவர்' என்றே வைத்துவிடலாம். காரணத்தையும் ஒரு வரியில் எழுதி வைத்தால், அதே விவாதம் ஐந்தாம் அத்தியாயத்தில் மறுபடி கிளம்பாது.

பட்டியல் போட்டாயிற்று. அதைப் பின்பற்றினார்களா என்று எப்படிப் பார்ப்பது? ஒமேகாடி போன்ற மொழிபெயர்ப்பு மென்பொருளில் பட்டியலை ஏற்றினால், அந்த ஆங்கிலச் சொல் வரும்போதெல்லாம் தேர்ந்த தமிழ்ச் சொல்லைப் பக்கத்தில் காட்டும். ஆனால் முடிந்த உரையில் தேடும்போது தமிழின் வேற்றுமை உருபுகள் குறுக்கே வரும். 'களஞ்சியம்' என்று தேடினால் 'களஞ்சியத்தில்' அகப்படாது; 'களஞ்சிய' என்று தேடவேண்டும். அதனால் பட்டியலில் தேடல் வடிவத்துக்கும் ஒரு கட்டம் வேண்டும். தவறான 'இணைப்பு' மூன்றாம் அத்தியாயத்தில் தங்கிவிட்டதா என்று பார்க்க இந்த ஒரு வரி போதும்:

```
grep -rn "இணைப்ப" book/03-git-branching/
```

'ஒன்றிணைப்பு' இதில் சிக்காது. அதில் தனி 'இ' இல்லை, 'றி' தான் உண்டு. 'தொடுப்பு' என்று தேடும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. யூனிகோடில் 'தொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் இடலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் இடலாம். திரையில் வேறுபாடு தெரியாது, தேடலில் ஒன்று தப்பிவிடும். எல்லாக் கோப்புகளையும் என்எஃப்சி என்ற வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தேடினால் இந்தத் தொல்லை இல்லை.

நடுவில் ஒரு சொல்லை மாற்ற நேர்ந்தால், ஒட்டுமொத்தமாகத் தேடி மாற்றும் பொத்தானை நம்பக்கூடாது. 'களஞ்சிய' என்பதைக் 'கிடங்கு' என்று மாற்றினால் 'களஞ்சியத்தில்' என்பது 'கிடங்குத்தில்' ஆகிவிடும். தேடி, ஒவ்வொன்றாகக் கையால் திருத்தி, பட்டியலில் தேதியைப் போட்டு, எல்லா அத்தியாயங்களிலும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும். பாதி மாறிய நூலைவிட முழுதும் பழைய சொல்லுடன் இருக்கும் நூல் மேல்.

பட்டியலில் எல்லாச் சொல்லையும் திணிக்கவும் வேண்டாம். ஓர் அத்தியாயத்தைத் தாண்டி வருபவை, ஒன்றோடொன்று குழம்பக்கூடியவை, இந்த இரண்டு வகை போதும். தொடக்கத்துக்கு `git help glossary` என்று தட்டினால் வரும் கிட்டின் சொந்தச் சொல்விளக்கமே நல்ல அடித்தளம்; கேஷ் என்பது இன்டெக்ஸின் வழக்கொழிந்த பெயர் என்று அதிலேயே இருக்கிறது.

கடைசித் திருத்தத்தை அத்தியாய வாரியாகச் செய்யாமல் சொல் வாரியாகச் செய்யலாம். ஒருவர் 'ஆயத்தப் பகுதி' வரும் எல்லா வாக்கியங்களையும் முதல் அத்தியாயத்திலிருந்து பத்தாவது வரை ஒரே மூச்சில் படிக்கவேண்டும். இன்னொருவர் 'ஒன்றிணைப்பு' வருபவற்றை. பட்டியலில் எழுதிய ஒரு வாக்கிய விளக்கம் அத்தனை இடத்திலும் பொருந்தினால் அந்த வரி முடிந்தது. எங்கேனும் பொருந்தாவிட்டால், பிழை மொழிபெயர்ப்பில் மட்டும்தான் என்று முடிவுகட்டிவிடாமல் அந்த விளக்கத்தையும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.